அதிகாலை மூன்று மணிக்கு வாசலில் யார்?

வைகுண்ட ஏகாதசிக்கு நான்கு நாள் முன்பு ஊர்க் கோயில் வாட்ஸாப் குழுக்களில் ஒரு படம் வரும். எக்செல் அட்டவணையைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். எழுத்து கடுகு மாதிரி இருக்கும். மேலே சங்கு சக்கரம், கீழே "தொண்டர்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொண்டு பெருமாள் அருள் பெற வேண்டுகிறோம்" என்று ஒரு வரி. அதன் கீழே எழுபது கைகூப்பு. ஆனால் அன்று அதிகாலை மூன்று மணிக்கு வடக்கு வாசலில் யார் நிற்க வேண்டும், அவர் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தொண்டர் பணிப் பட்டியல் என்பது பெயர்களின் வரிசை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெயர் சேர்ப்பது சுலபம். பஜனை மண்டலி, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், உழவாரப் பணிக் குழு, தெருவாசிகள் என்று கேட்டால் நூறு பேர் கிடைப்பார்கள். ஒவ்வொரு வாசலும் எந்த நேரத்தில் யாருடைய பொறுப்பு, அவர் எதைத் தானே செய்யலாம், எதை யாரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று எழுதுவதுதான் கடினம். அதை எழுதாமல் விடுவதால் வரும் சிக்கல் என்ன என்பதை ஒரு கோயிலை வைத்துப் பார்க்கலாம்.

நடுத்தரமான ஒரு பெருமாள் கோயில் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே ராஜகோபுரம். உள் பிராகாரத்தின் வடக்குப் பக்கத்தில் சொர்க்கவாசல். வருஷம் முழுக்கப் பூட்டியிருந்து மார்கழி வளர்பிறை ஏகாதசியன்று திறப்பது. அதைத் தாண்டினால் வெளிப் பிராகாரம், அங்கிருந்து மேற்கு வாசல் வழியாகத் தெரு. 2025ஆம் வருஷம் ஆங்கிலக் கணக்கில் வைகுண்ட ஏகாதசி இரண்டு முறை வந்தது: ஜனவரி 10, டிசம்பர் 30. நம் கோயிலின் பட்டியல் இந்த இரண்டாவது ஏகாதசிக்கானது. சொர்க்கவாசல் திறப்பு காலை 5 மணி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அகலமான, தடையில்லாத வழியில் ஜனங்கள் நிற்காமல் நடந்தால் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு எண்பது பேர்வரை கடக்கலாம் என்று விளையாட்டு அரங்கங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சொர்க்கவாசலில் அது செல்லாது. நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், அண்ணாந்து பார்ப்பார்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள், பாட்டியை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவருவார்கள். நிமிடத்துக்கு முப்பது பேர் போனால் நல்ல வேகம். பெருமாள் புறப்பாடு வாசலைக் கடந்து, 5.15க்கு பக்தர்களை விட ஆரம்பித்தால், அப்போது வரிசையில் ஐயாயிரம் பேர் இருந்தால், கடைசி ஆள் கடக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அதாவது எட்டு மணி. எத்தனை பேரைக் கூப்பிட வேண்டும், யாரை எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. உங்கள் கோயிலின் வேகம் வேறாக இருக்கலாம். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையில் வாசல் ஓரம் உட்கார்ந்து பத்து நிமிடம் எண்ணினால் ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

இனி செய்தி. நல்ல செய்தி என்று நான் நினைப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வைகுண்ட ஏகாதசி தொண்டர் பட்டியல். திருத்தம் 3, டிசம்பர் 27 இரவு 8 மணி. இதற்கு முன் வந்தவற்றை அழித்துவிடவும்.

அணி 1: 29 திங்கள் இரவு 11 முதல் விடியற்காலை 3 வரை.
அணி 2: திங்கள் இரவு படுத்து எழுந்து, செவ்வாய் விடியற்காலை 2.45 முதல் 6.30 வரை. (5 மணி திறப்பு இந்த அணியில்.)
அணி 3: செவ்வாய் காலை 6.15 முதல் 10 வரை.
அணி 4: காலை 9.45 முதல் பகல் 1.30 வரை.
அணி 5: பகல் 1.15 முதல் மாலை 5 வரை.
அணி 6: மாலை 4.45 முதல் இரவு 9 வரை.

கிழக்கு வாசல்: உள்ளே மட்டும். யாரையும் இந்த வழியாக வெளியே விட வேண்டாம்.
சொர்க்கவாசல்: உள்ளிருந்து வெளியே மட்டும். நிறுத்தவும் மறுபடி விடவும் சொல்பவர் அணித் தலைவர் ஒருவரே.
மேற்கு வாசல்: வெளியே மட்டும். ஒரு நிமிடம்கூடச் சாத்தக் கூடாது. குறுக்கே வண்டி, கடை நிற்கக் கூடாது.
மடைப்பள்ளிச் சந்து: உடம்புக்கு முடியாதவர்களுக்கு மட்டும். ஆம்புலன்ஸ் இந்த முனையில்.
வரிசையின் கடைசி: இரண்டு பேர். வரிசை நகர நகர இவர்களும் நகர வேண்டும்.

மாற்றாள் வந்து நேரில் சொல்லும்வரை இடத்தை விட்டு நகர வேண்டாம். பணி முடிந்ததும் அந்த அணிக்கு மொத்தமாகச் சேவை உண்டு.

வருகிறவர்கள் 'அணி எண், பெயர், வருகிறேன்' என்று எழுதவும். கைகூப்பு கணக்கில் வராது.

தொடர்புக்கு: காலை 10 வரை ஒருவர், 10க்கு மேல் வேறொருவர். இருவரும் கொடிமர மண்டப மேசையில் இருப்பார்கள். போன் கிடைக்காவிட்டால் மேசைக்கு ஆளனுப்பவும்."

தொடர்பு வரியில் உண்மையில் ஒரு பெயரும் எண்ணும் இருக்கும். அணிவாரியாகப் பெயர்கள் இதன் கீழே வரும். திறப்பு அணிக்கும் அடுத்த அணிக்கும் இருபத்திரண்டு பேர் வீதம், மற்ற நான்கு அணிகளுக்கும் பதினோரு பேர் வீதம், மொத்தம் எண்பத்தெட்டு பேர். இருபத்திரண்டு எப்படி வந்தது என்றால், கிழக்கு வாசலில் நான்கு பேர், சொர்க்கவாசலின் இரு பக்கமும் சேர்த்து ஆறு பேர், மேற்கு வாசல், சந்து, வரிசைக் கடைசி, மேசை ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு பேர், மீதி நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். அந்த நான்கு பேரைப் பார்த்து "சும்மாதானே இருக்கீங்க, செருப்பு ஸ்டாண்டுக்குப் போங்க" என்று யாராவது அனுப்பிவிடுவார்கள். விடக் கூடாது. ஒருவருக்கு மயக்கம் வந்தாலோ இயற்கை உபாதை என்றாலோ வாசல் காலியாகாமல் இருப்பது இவர்களால்தான்.

நேர வரிகளில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். "30ஆம் தேதி அதிகாலை 3 மணி" என்று மட்டும் எழுதினால், கணிசமான பேர் 30ஆம் தேதி ராத்திரி தூங்கி எழுந்து 31 அதிகாலையில் வந்து நிற்பார்கள். நம் மனக்கணக்கில் நாள் விடியலில்தான் பிறக்கிறது. நடுராத்திரி தாண்டினாலும் "நேற்று ராத்திரி" என்றுதான் சொல்வோம். அதனால்தான் "திங்கள் இரவு படுத்து எழுந்து" என்ற வரி. படிக்கும்போது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் அதில் யாரும் ஏமாற மாட்டார்கள்.

இன்னொன்று, அணி மாறும் நேரம். ராத்திரி ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு என்று கடிகாரத்தைச் சமமாக வெட்டிப் பட்டியல் போடுவது வழக்கம். திறப்பு 5 மணிக்கு என்றால் அது தப்பித்துவிடும். ஆனால் சில கோயில்களில் திறப்பு ஆறு மணிக்கு ஒட்டி வரும். அங்கே இந்தச் சமவெட்டு, கூட்டம் உச்சத்தில் இருக்கும் நிமிடத்தில் எல்லா வாசலிலும் ஒரே சமயத்தில் ஆளை மாற்றிவிடும். போகிறவர் போய்விட்டிருப்பார், வருகிறவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிலைக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார். திறப்பு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது ஓர் அணி நிலைகொள்ளும்படி வெட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு மாற்றத்திலும் கால் மணி நேரம் இரண்டு அணியும் சேர்ந்து நிற்க வேண்டும். நம் கணக்கில் 6.15இலிருந்து 6.30வரை வரிசையில் இன்னும் மூவாயிரம் பேர் இருப்பார்கள். அந்தக் கால் மணியில் பழையவர் புதியவரிடம் சொல்ல வேண்டியவை மிகச் சில: வரிசை எதுவரை நிற்கிறது, எந்த மூங்கில் தடுப்பு ஆடுகிறது, யாரையாவது ஓரமாக உட்காரவைத்திருக்கிறோமா. இவை எந்தப் பட்டியலிலும் இருக்காது. நேரில் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

வாசல் வரிகளுக்கு வருவோம். 2025 ஜனவரி 8 இரவு திருப்பதியில் நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரிகளைப் படிக்க வேண்டும். ஜனவரி 10 தொடங்கி சொர்க்கவாசல் தரிசனம். அதற்கான டோக்கன்களை 9ஆம் தேதி விடியற்காலை கொடுப்பதாக இருந்தார்கள். முந்தின நாளே ஆயிரக்கணக்கானவர்கள் கவுன்டர்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். காத்திருந்த இடத்தில் ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போனது, அவரை வெளியே கொண்டுவரக் கதவைத் திறந்தார்கள், டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக் கூட்டம் முண்டியது என்பதுதான் அப்போது அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். ஆறு பேர் இறந்தார்கள்.

கதவைத் திறந்தவர் நல்லது செய்யத்தான் திறந்திருப்பார். ஆனால் காத்திருக்கும் கூட்டத்துக்கு ஒரு கதவு திறந்தால் ஓர் அர்த்தம்தான்: விட ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே முடியாதவர்களை வெளியேற்றும் வழி, கூட்டம் கண்வைத்திருக்கும் வாசலாக இருக்கக் கூடாது. நம் செய்தியில் மடைப்பள்ளிச் சந்து தனி வரியாக இருப்பது இதற்குத்தான். வரிசையில் ஒருவர் சரிந்தால் பக்கத்துத் தடுப்பை விலக்கி அவரைச் சந்துப் பக்கம் கொண்டுபோக வேண்டும், முன் வாசலுக்கு அல்ல. தடுப்பில் எந்த இடத்தில் விலக்க முடியும் என்பதை முந்தின நாளே பார்த்து, அங்கே ஒரு சிவப்புத் துணி கட்டிவைத்தால் போதும். சவுக்குக் கம்பை ஆணியடித்து இறுக்கிவிட்ட பிறகு அதை யாராலும் கையால் விலக்க முடியாது.

பட்டியல்களில் அநேகமாக இருக்கவே இருக்காத ஒரு பணி உண்டு. அதுதான் வரிசையின் கடைசி. எல்லாரும் முன்னால் நிற்கத்தான் ஆசைப்படுகிறார்கள். ஆனால் நெரிசல் பின்னாலிருந்து வருகிறது. கடைசியில் நிற்பவருக்கு முன்னால் வாசல் அடைத்திருப்பது தெரியாது. ஓர் அடி நகர்ந்தால் தானும் ஓர் அடி நகர்வார். ஐந்நூறு பேர் ஆளுக்கு ஓர் அடி நகர்ந்தால், முன்னால் நிலைப்படியில் இருப்பவர் மூச்சுத் திணறிப்போவார். அவர் கத்துவது பின்னால் கேட்காது. முன்னால் நிற்கும் தொண்டர் "தள்ளாதீங்க, தள்ளாதீங்க" என்று கத்துவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஏனென்றால் தள்ளுகிறவர் அவர் கண்ணிலேயே இல்லை. கடைசியில் நிற்கும் இரண்டு பேர் புதிதாக வருகிறவர்களை அங்கேயே நிறுத்தி, "இங்கேயிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், எட்டு மணிக்குமேல் வந்தால் காத்திருக்க வேண்டாம்" என்று சொன்னால் பாதிப் பேர் காபி குடிக்கப் போய்விடுவார்கள். மேலே போட்ட கணக்கு இங்கேதான் உதவுகிறது.

நெரிசல் ஆபத்தாக மாறுவதைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் என்றால் நெருக்கம்தான், ஆனால் திரும்ப முடியும். ஐந்தைத் தாண்டினால் உடம்பு உடம்போடு ஒட்டிவிடும். தொங்கவிட்ட கையை மேலே தூக்க முடியாமல் போகும். அதற்குப் பிறகு கூட்டம் இடமும் வலமுமாக மொத்தமாக அசைய ஆரம்பிக்கும், யாரும் நடக்காமலே. சொர்க்கவாசலில் நிற்கும் அணித் தலைவர் கவனிக்க வேண்டியது தலைகளின் எண்ணிக்கையைவிட இந்த அசைவைத்தான். அசைவு தெரிந்த உடனே அவர் செய்ய வேண்டியது வாசலைச் சாத்துவது அல்ல. சாத்தினால் பின்னாலிருந்து வரும் அழுத்தத்துக்குப் போக்கிடம் இருக்காது. கிழக்கு வாசலில் புது ஆள் உள்ளே வருவதை நிறுத்தச் சொல்லி, இந்தப் பக்கம் தொடர்ந்து வெளியே விட வேண்டும். உள்ளே அனுப்புவதை நிறுத்து, வெளியே விடுவதை நிறுத்தாதே. அன்றைய தினத்துக்கு இந்த ஒரு உத்தரவு எல்லா வாசலுக்கும் புரிந்திருந்தால் போதும். அணித் தலைவர் ஒருவரே சொல்ல வேண்டும் என்று எழுதியிருப்பதும் இதனால்தான். மூன்று பேர் மூன்று விதமாகக் கை காட்டினால் வாசலில் நிற்கும் மாணவன் யார் பெரியவராகத் தெரிகிறாரோ அவர் சொல்வதைத்தான் கேட்பான்.

தொண்டருக்கு எதில் அதிகாரம் இல்லை என்பதையும் நேரில் ஒரு முறை சொல்லிவிட வேண்டும். பையைச் சோதிப்பது காவல்துறையின் வேலை. உண்டியல், நகை, கருவறைப் பக்கம் செயல் அலுவலரும் கோயில் பணியாளர்களும் பார்த்துக்கொள்வார்கள். யார்மேலும் கைவைக்கக் கூடாது; பெண்கள் வரிசையில் பெண் தொண்டர்கள்தான்.

இனி தொடர்புக்கு உரிய ஆள். குழுவிலேயே சுறுசுறுப்பானவர் பெயரைப் போட்டுவிடுவார்கள். அவர்தான் அன்று உபயதாரர்களை வரவேற்பார், மைக் செட்டைப் பார்ப்பார், மாவட்ட அதிகாரி வந்தால் கூடவே ஓடுவார். அவர் போன் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருக்கும். தொடர்பு ஆளுக்கு அன்று வேறு வேலையே இருக்கக் கூடாது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஏகாதசி உபவாசம் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு இது பொருத்தமான பணி, ஏனென்றால் பட்டினியோடு நாலு மணி நேரம் வாசலில் நிற்பவர்தான் பெரும்பாலும் முதலில் மயங்கி விழுபவர். உபவாசக்காரர்களையும் முந்தின இரவு கண்விழித்தவர்களையும் மேசை, தண்ணீர்ப் பந்தல், செருப்புக் காப்பகம் போன்ற உட்கார்ந்த பணிகளுக்குப் போடுவது நல்லது.

இரண்டு எண்களை ஒன்றாகக் கொடுப்பதும் குழப்பம். மேற்கு வாசல் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும், கிழக்கு வாசல் இன்னொருவரிடம் கேட்கும், பதில் இரண்டு விதமாக வரும். நேரத்தைப் பிரித்து ஒரு சமயத்தில் ஓர் எண் என்று கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், அந்த எண் வேலை செய்யாமல் போகும் என்று எதிர்பார்ப்பது. ஒரே தெருவில் ஐயாயிரம் பேர் ஒரே சமயத்தில் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் போன் இணைப்பு திணறும். கொடிமர மண்டப மேசை என்ற இடம் எழுத்தில் இருந்தால் ஒரு பையன் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். பட்டியலின் அச்சுப் பிரதியும் அந்த மேசையிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

பெயர் எழுதுவதைப் பற்றி ஒரு வரி போதும்: பெருமாள் கோயில் பட்டியலில் ஸ்ரீனிவாசன் என்று குறைந்தது மூன்று பேராவது இருப்பார்கள், "சன்னதித் தெரு சீனு", "போஸ்ட் ஆபீஸ் சீனு" என்று ஊர் கூப்பிடுகிறபடியே எழுதிவிடலாம். செய்தியைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பினால் அவரவர் வரியை மட்டும் பிரித்து வீட்டில் காட்டிக்கொள்ள முடியும். திருத்த எண் எதற்கென்று விளக்க வேண்டியதில்லை. ஒரே வாசலுக்கு இரண்டு பேர் வந்து, இன்னொரு வாசலுக்கு ஒருவரும் வராமல் போன எந்தக் கோயிலிலும் அது தெரியும்.

எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் பட்டியலைக் கவிழ்க்கும் இரண்டு விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன, இரண்டும் பக்தியும் பாசமும் சம்பந்தப்பட்டவை. ஐந்து மணிக்குக் கதவு திறக்கிறது. உள்ளே ரத்னாங்கியில் பெருமாள். வாசலில் நிற்கும் தொண்டரும் பக்தர்தானே? கை தானாகக் கூப்பிக்கொள்ளும், உடம்பு சன்னதிப் பக்கம் திரும்பிவிடும், இரண்டு அடி முன்னால் போய்விடுவார். சரியாகக் கூட்டம் அசையும் அந்த நிமிடத்தில் எல்லா வாசல் ஆட்களும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். இதற்காகத் திட்டிப் பயனில்லை. "பணி முடிந்ததும் அந்த அணிக்கு மொத்தமாகச் சேவை உண்டு" என்ற ஒரு வரியை முன்கூட்டியே எழுதி, பட்டாச்சாரியாரிடமும் செயல் அலுவலரிடமும் பேசி அதை நடத்திக்காட்டினால், பெரும்பாலானவர்கள் பொறுத்திருப்பார்கள். 6.30க்கு இரண்டாம் அணியின் இருபத்திரண்டு பேரையும் உள்ளே அழைத்துப்போய்த் தீர்த்தம், சடாரி கொடுத்து அனுப்பப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைத் தராத கோயிலில் அடுத்த வருஷம் அதிகாலை அணிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

மற்றது சொந்தக்காரர்கள். "தம்பி, நம்ம பெரிய மாமா வந்திருக்காருடா, முட்டிவலி, அந்தச் சந்துல விட்டுடு." மாமாவுக்கு உண்மையிலேயே முட்டிவலி இருக்கும். ஆனால் மாமாவைத் தொடர்ந்து மாமி, மாமியைத் தொடர்ந்து பக்கத்து வீட்டுக்காரர்கள், அதைப் பார்த்த வரிசையில் ஒரு கூச்சல், பிறகு தடுப்பை யாரோ ஒருவர் தாண்டுவார். இதை மறுக்கும் பாரத்தை இருபது வயதுப் பையன் தலையில் வைப்பது நியாயமில்லை. மாமா அடுத்த கல்யாணம்வரை அதைச் சொல்லிக்காட்டுவார். முடியாத பெரியவர்களுக்கு என்று பகல் ஒன்றரை மணிக்குமேல் ஒரு மணி நேரத்தை ஐந்தாம் அணியின் வரியிலேயே எழுதிவிட்டால், பையன் போனை எடுத்துக் காட்டி "மாமா, ஒன்றரைக்கு வாங்க, நாற்காலி போட்டு நானே கூட்டிட்டுப் போறேன், இப்ப மேசைல கேட்காம விட முடியாது" என்று சொல்லலாம். அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது. சொர்க்கவாசல் அப்போதும் திறந்துதான் இருக்கும்.